ப்ரோலாக்டின் ஏறியிருக்கிறது, ஆனால் முதல் மாத்திரை அதற்கல்ல

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 30, எடை 64 கிலோ. செம்பூரில் இருக்கிறோம். ஃபோர்ட்டில் வேலை. கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு வருஷமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். போன வருஷம் பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வந்தது. இப்போது ஐந்து மாதமாக வரவே இல்லை. டெஸ்ட் எடுத்தேன், கர்ப்பம் இல்லை. அழுத்திப் பார்த்தால் மார்பில் பால் மாதிரி கசிகிறது. டி.எஸ்.எச். 42, ஃப்ரீ டி4 0.5, ப்ரோலாக்டின் 71. ஸ்கேனில் பி.சி.ஓ.டி. என்று போட்டிருக்கிறார்கள். ஒரு டாக்டர் தைராய்டு மாத்திரையும் கேபர்கோலினும் எழுதி, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இன்னொரு சென்டரில் நேராக ஐ.வி.எஃப். போய்விடலாம் என்கிறார்கள். எனக்குத் தலையில் கட்டியா? எதை முதலில் ஆரம்பிப்பது? தைராய்டு மாத்திரை தொட்டால் ஆயுசுக்கும் விடாது என்று அத்தை பயமுறுத்துகிறார். அசிடிட்டிக்குத் தினமும் காலையில் ஒரு கேப்சூல், முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். வேறு மருந்து எதுவும் இல்லை.

— வாசகி, செம்பூர்

பதில்:

முதலில் தைராய்டு மாத்திரை. ப்ரோலாக்டினை இறக்கும் கேபர்கோலின் இப்போதைக்கு வேண்டாம். எம்.ஆர்.ஐ.யும் ஐ.வி.எஃப்.பும் மூன்று மாதம் காத்திருக்கலாம். நீங்கள் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கும் அந்த இரண்டு மருந்துகள் இருக்கின்றனவே, நேரில் வந்திருந்தால் அவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் விசாரித்திருப்பேன்.

உங்கள் ரிப்போர்ட்டில் தைராய்டு, ப்ரோலாக்டின், பி.சி.ஓ.டி. என்று மூன்று வியாதி தெரிகிறது. என் கணிப்பில் அங்கே இருப்பது ஒன்றுதான். தைராய்டு சுரப்பி வெகுவாக மந்தமாகிவிட்டது. மற்ற இரண்டும் பெரும்பாலும் அதன் பின்னால் வந்தவை. அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால், எந்த மாத்திரை முதலில் என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

கழுத்தில் இருக்கும் தைராய்டை வேலை வாங்குவது மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் ஹார்மோன்தான் டி.எஸ்.எச். அந்தப் பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதாலமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஹைப்போதாலமஸ் டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பிப் பிட்யூட்டரியை முடுக்கும். இங்கேதான் விஷயம். டி.ஆர்.எச்., பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். சுரக்கும் செல்களை மட்டும் தூண்டுவதில்லை, ப்ரோலாக்டின் சுரக்கும் செல்களையும் தூண்டிவிடும். தாராவி சால்களில் ஒரு கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார் இல்லையா, அப்படி. தைராய்டு மந்தமாக இருக்கும்போது ப்ரோலாக்டின் ரத்தத்திலிருந்து வெளியேறுவதும் மெதுவாகிவிடும். ஆக, சுரப்பது அதிகம், கழிவது குறைவு.

ப்ரோலாக்டின் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். பால் கொடுக்கும் காலத்தில் அடுத்த குழந்தை உடனே தங்காமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது. ப்ரோலாக்டின் ஏறினால், சினைப்பைக்குப் போக வேண்டிய சிக்னல் மேலிடத்திலேயே அமுங்கிவிடும். முட்டை முதிராது, வெடித்து வெளியே வராது. அதனால் மாதவிலக்கும் வராது. முதலில் தள்ளித் தள்ளி வந்து பிறகு நின்றுபோனது, மார்பில் கசிவது, இரண்டு வருஷமாகக் குழந்தை தங்காதது எல்லாமே இந்த ஒரு நூலில் கோத்தவைதான். ஸ்கேனில் போட்ட பி.சி.ஓ.டி.யைத் தவிர, கர்ப்பப்பையிலோ சினைப்பையிலோ கோளாறு இருப்பதாக உங்கள் கடிதத்தில் எந்தத் தடயமும் இல்லை.

அளவுகளைப் பார்ப்போம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ப்ரோலாக்டின் பெரும்பாலான லேப்களில் 25க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 71. தைராய்டு குறைவால் ஏறும் ப்ரோலாக்டின் பெரும்பாலும் 100க்குக் கீழேயே நிற்கும். பிட்யூட்டரியில் ப்ரோலாக்டின் சுரக்கும் பெரிய கட்டி இருந்தால் 200, 250ஐத் தாண்டிப் போவதே வழக்கம். 71 நடுவில் நிற்கிற எண். சின்னக் கட்டி ஒன்று இருந்தாலும் இந்த அளவு வரலாம், அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக் கட்டியே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்திலேயே 42 என்று ஒரு டி.எஸ்.எச். இருக்கும்போது, காரணம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகும் ப்ரோலாக்டின் இறங்காவிட்டால்தான் மற்ற இடங்களில் தேட வேண்டும்.

இப்போது அந்த அசிடிட்டி கேப்சூல். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பான்டோப்ரசோல் அல்லது ரபெப்ரசோல் என்ற பெயருக்குக் கீழே, இன்னும் சின்ன எழுத்தில், டாம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு என்று இருக்கிறதா? மும்பையில் என்னிடம் வரும் பெண்களில் பலர் இந்தக் கலப்பு கேப்சூலைத்தான் மாதக்கணக்கில், மெடிக்கல் ஷாப்பில் நேராகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். “வேறு மருந்து எதுவும் இல்லை” என்று சொல்பவர்களின் கைப்பையிலேயே அந்த அட்டை இருக்கும். இந்த இரண்டு மருந்துமே ப்ரோலாக்டினை ஏற்றுபவை. சாதாரணமாக டோபமைன் என்ற ரசாயனம் ப்ரோலாக்டினை அடக்கி வைத்திருக்கும். இவை அந்த டோபமைனை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். டாம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, அதனால் பாதுகாப்பானது என்று சொல்வார்கள். பாதி உண்மை. பிட்யூட்டரி அந்தத் தடுப்புச் சுவருக்கு வெளியே இருப்பதால் அங்கே நன்றாகவே போய்ச் சேரும்.

உங்கள் கேப்சூலில் இவற்றில் ஒன்று இருந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதை நிறுத்துங்கள். மூன்று நாள் கழித்து ப்ரோலாக்டினை மட்டும் மறுபடி பாருங்கள். 71 என்பது 40க்கு இறங்கினால், வித்தியாசம் கேப்சூலுடையது, மிச்சம் தைராய்டுடையது என்று ஏறக்குறைய கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இறங்கவே இல்லையென்றால் கேப்சூல் பெரிய குற்றவாளி இல்லை. மனநல மருந்துகளிலும் ப்ரோலாக்டினை ஏற்றுபவை இருக்கின்றன. இதைப் படிக்கிற வேறு யாராவது அப்படி மருந்து எடுப்பவராக இருந்தால், தயவுசெய்து மனநல மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். அங்கே கணக்கு வேறு.

ப்ரோலாக்டினுக்கு ரத்தம் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தூக்கத்தில் இந்த ஹார்மோன் இயல்பாகவே ஏறும், விழித்த பிறகுதான் மெல்ல இறங்கும். ஆபீஸ் போகிற அவசரத்தில் காலை ஆறு மணிக்கு லேப் பையனை வீட்டுக்கு வரச் சொல்லி, படுக்கையிலிருந்து எழுந்த கையோடு ரத்தம் கொடுத்தால் எண் கூடுதலாகத்தான் வரும். குர்லா ஸ்டேஷன் படியில் மூச்சிரைக்க ஏறி இறங்கி, லேபுக்கு ஓடிப்போய் உடனே கையை நீட்டினாலும் ஏறலாம். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, லேபில் அரை மணி அமைதியாக உட்கார்ந்து, பிறகு கொடுங்கள். இன்னொன்று, கசிகிறதா என்று மார்பை அழுத்திப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த அழுத்தமே ப்ரோலாக்டினைத் தூண்டும், கசிவும் நிற்காது. தானாகத் துணியில் பட்டால் மட்டும் குறித்து வைத்தால் போதும்.

முடிக்குச் சாப்பிடுவது அநேகமாக பயோட்டினாக இருக்கும். அது தைராய்டைக் கெடுக்காது, ஆனால் டெஸ்டை ஏமாற்றும். முடி மாத்திரைகளில் இருக்கும் 5, 10 மில்லிகிராம் அளவு பயோட்டின், பல லேப் மெஷின்களில் டி.எஸ்.எச்.சைக் குறைவாகவும் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4ஐக் கூடுதலாகவும் காட்டிவிடும். ப்ரோலாக்டினையும் குறைத்துக் காட்டலாம். அதாவது உங்களுக்கு இன்னும் சரியாகாத நிலையிலேயே “எல்லாம் நார்மல்” என்று ரிப்போர்ட் வரக்கூடும். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் குறைந்தது இரண்டு நாள் அதை நிறுத்துங்கள். என்னைக் கேட்டால் முழுக்கவே நிறுத்திவிடலாம். உங்கள் முடி கொட்டுவதற்கும் தைராய்டுதான் பெரும்பாலும் காரணம். நிற்பதற்கு மட்டும் நாலைந்து மாதம் ஆகும்.

தைராய்டு மாத்திரையான தைராக்ஸினுக்கு வருகிறேன். சுரப்பி இந்த அளவு மந்தமாகிவிட்டால் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது முழு டோஸ் கணக்கு. 64 கிலோவுக்கு 102 வரும், அதாவது 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. உங்கள் வயதில் இதய நோய் இல்லாதவர்களுக்கு 25, 50 என்று மாதாமாதம் ஏணி ஏற வேண்டிய அவசியமில்லை, முழு டோசிலேயே ஆரம்பிக்கலாம். குழந்தைக்கு முயற்சி செய்பவருக்கு அந்த ஏணியில் வீணாகும் மாதங்கள் பெரிய விஷயம். உங்கள் சீட்டில் எத்தனை எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. 25 என்று இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

டோஸ் சரியாக இருந்தும் பலருக்கு டி.எஸ்.எச். இறங்காததற்குக் காரணம் காலை காபி. மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, டீ எதுவும் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் வயிற்றெரிச்சலுக்கு விழுங்கும் ஜெல்லுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஏழு மணி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மாத்திரையை முழுங்கிவிட்டு ஐந்தாவது நிமிஷம் நின்றபடியே காபியை ஊற்றிக்கொண்டு கிளம்புவீர்கள். அப்படியானால் ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போட்டால் காலையில் போடுவதைப் போலவே வேலை செய்யும். மாத்திரையை வந்த பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி வையுங்கள். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் அடுக்களை அலமாரியில் திறந்த டப்பியில் கொட்டி வைத்தால் வீரியம் போய்விடும். அசிடிட்டி கேப்சூலில் உள்ள பான்டோப்ரசோல் வகையும் தைராக்ஸின் உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் குறைக்கும். தைராய்டு குறைவிலேயே ஜீரணம் மந்தமாகும், மலச்சிக்கல் வரும், வயிறு உப்பும். இரண்டு மாதத்தில் கேப்சூலுக்கே வேலை இல்லாமல் போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ப்ரோலாக்டின் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன்னால் பார்ப்பது பணத்துக்கு நஷ்டம், டி.எஸ்.எச். அவ்வளவு மெதுவாகத்தான் இறங்கும். அன்று ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை. ஒரு தடவை மட்டும் ஆன்ட்டி டி.பி.ஓ. என்ற டெஸ்டையும் சேர்த்துக்கொள்ளலாம். சுரப்பியை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறதா என்று அது சொல்லும். குழந்தைக்கு முயற்சி செய்பவருக்கு டி.எஸ்.எச். 2.5க்குள் வந்து நிற்க வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. முதல் டெஸ்டில் அது 6, 7 என்று நின்றால் பதறாதீர்கள். டோஸைச் சற்றே கூட்டி இன்னும் ஆறு வாரம் பார்க்க வேண்டும். ப்ரோலாக்டின் இதன் பின்னாலேயே இறங்கும், சில சமயம் ஒரு மாதம் பிந்தி வரும்.

இந்த இடைவெளிக்குள் ஒரு விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மாதவிலக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் முட்டை வெளியே வரும். ஆகவே மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும், முதல் பீரியட்ஸைப் பார்க்காமலேயே கர்ப்பம் தங்கிவிடலாம். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் டி.எஸ்.எச். இன்னும் 20இல் இருக்கும்போது தங்கினால் கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடும். முதல் மூன்று மாதம் குழந்தையின் தைராய்டு வேலை செய்யாது, அதன் மூளை வளர்ச்சி அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான் நடக்கும். அதனால் டி.எஸ்.எச். இறங்கும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். இரண்டு வருஷம் காத்திருந்தவரிடம் இரண்டு மாதம் தடுப்பு என்று சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

பீரியட்ஸ் வரவைக்க ஐந்து நாள், பத்து நாள் மாத்திரை யாராவது கொடுத்திருந்தால், அதனால் வருகிற ரத்தப்போக்கை வைத்துச் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது மாத்திரையை நிறுத்தியதால் வந்த போக்கு, முட்டை வெளியானதற்கான அடையாளம் அல்ல.

பி.சி.ஓ.டி. என்ற பெயரையும் இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வையுங்கள். தைராய்டு நன்றாகக் குறைந்தவர்களின் சினைப்பையும் ஸ்கேனில் பெரிதாக, கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். அந்த நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் தைராய்டையும் ப்ரோலாக்டினையும் பார்த்து விலக்க வேண்டும் என்பது நோயறிதலின் விதியிலேயே இருக்கிறது. உங்களுக்கு இரண்டுமே மாறியிருக்கின்றன. எல்லாம் சரியாகி நாலு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

தலையில் கட்டியா என்ற பயத்துக்கு, முலுண்டில் இருந்து வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன், ஆள் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி. அவருக்குத் தலைவலி இருந்தது, பீரியட்ஸ் நின்றிருந்தது, ப்ரோலாக்டின் 84. முதல் வேலையாக எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டார்கள். பிட்யூட்டரி மேல்நோக்கிப் புடைத்திருக்கிறது, கட்டியாக இருக்கலாம் என்று ரிப்போர்ட். மூக்கு வழியாக ஆபரேஷன் என்று பேச்சு நடந்து, ஊரில் நிலத்தை அடகு வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. என் அறைக்குள் வந்தபோது முகம் உப்பி, குரல் கரகரத்து, தோல் உலர்ந்து, மே மாதத்தில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால், கணுக்காலில் தட்டிப் பார்த்தால் கால் சட்டென்று உதைக்கிறது, ஆனால் திரும்பி வர நேரம் எடுத்துக்கொள்கிறது. தைராய்டு குறைவுக்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அதுவரை அவருக்கு டி.எஸ்.எச். பார்க்கவே இல்லை. பார்த்ததும் 100க்கு மேல். சுரப்பி பல வருஷம் மந்தமாக இருந்தால் அதை விரட்டி விரட்டி பிட்யூட்டரியே தடித்துப் போகும். படத்தில் அது கட்டி போலவே தெரியும். அவருடைய பார்வைப் பரப்பைச் சோதித்தோம், குறை எதுவும் இல்லை. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் அளவையும் பார்த்தோம், அது முக்கியம். கார்டிசால் குறைந்திருக்கும்போது தைராக்ஸினை முதலில் கொடுத்தால் ஆபத்து. அதுவும் சரியாக இருந்ததால் தைராக்ஸின் மட்டும் ஆரம்பித்தோம். தலைவலி முதலில் போனது. மூன்றாவது மாதம் டி.எஸ்.எச். 5, ப்ரோலாக்டின் 22, பீரியட்ஸ் வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி இயல்பான அளவுக்குச் சுருங்கியிருந்தது.

உங்களுக்கும் இப்போதே எம்.ஆர்.ஐ. எடுத்தால் லேசான வீக்கம் ஏதாவது தெரிந்து, இந்த மாதிரி அலைச்சலில் மாட்டிக்கொள்ளலாம். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறேன். ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. விடாத தலைவலி, ரோடு கடக்கும்போது பக்கவாட்டில் வருகிற ஆட்டோ கண்ணில் படாத மாதிரி ஓரப் பார்வை குறைவது, ப்ரோலாக்டின் 100ஐத் தாண்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட வேண்டும். தைராய்டு சரியான பிறகும் ப்ரோலாக்டின் 50, 60 என்று நின்றால் அப்போதும் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் மேக்ரோப்ரோலாக்டின் இருக்கிறதா என்று அதே லேபில் கேளுங்கள். சிலருக்கு ப்ரோலாக்டின் வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பெரிய துகளாக ரத்தத்தில் சுற்றும். மெஷின் அதை அதிகம் என்று எண்ணும், உடலுக்கு அதனால் கெடுதல் இல்லை. பீரியட்ஸ் ஒழுங்காக வந்துகொண்டிருக்க, எண் மட்டும் அதிகமாக இருப்பவர்களிடம் இதை முதலில் சந்தேகிப்பேன்.

சின்னக் கட்டி என்றே கடைசியில் முடிவானாலும் அது புற்றுநோய் அல்ல, ஆபரேஷனும் பெரும்பாலும் தேவைப்படாது. கேபர்கோலினுக்கு அங்கேதான் வேலை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை, கால் அல்லது அரை மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். நல்ல மருந்துதான், அதன் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. உங்கள் விஷயத்தில் இப்போதே சேர்த்துக் கொடுத்தால் ப்ரோலாக்டின் மளமளவென்று இறங்கி, பீரியட்ஸ் வந்து, டி.எஸ்.எச். இன்னும் 30இல் இருக்கும்போதே கர்ப்பம் தங்க வாய்ப்பு இருக்கிறது. மேலே சொன்ன ஆபத்து அதுதான். எது சரிசெய்தது என்றும் யாருக்கும் தெரியாது, அதனால் எப்போது நிறுத்துவது என்றும் தெரியாது. ஏற்கெனவே ஓரிரண்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, எழுதியவரிடம் இந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

ஐ.வி.எஃப். பற்றி. முட்டை வெளியே வராதது மட்டும் பிரச்சினையாக இருந்து, அதற்குக் காரணமும் தெரிந்திருக்கும்போது அதற்கு இப்போது அவசரமில்லை. செய்வதாக இருந்தாலும் டி.எஸ்.எச். 42ஐ வைத்துக்கொண்டு யாரும் ஊசியை ஆரம்பிக்கக் கூடாது. தைராய்டும் ப்ரோலாக்டினும் சரியாகி, பீரியட்ஸ் ஒழுங்குக்கு வந்த பிறகு ஆறு மாதம் இயல்பாக முயற்சி செய்யுங்கள். உங்கள் வயதுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. 37, 38 வயதுக்காரர் எழுதியிருந்தால் நான் இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்க மாட்டேன். இந்தக் காத்திருப்புக் காலத்தில் செய்ய வேண்டியது உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை. கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு வருஷமாக டெஸ்ட் எல்லாம் உங்களுக்கே நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்று நாள் இடைவெளி விட்டு ஒரு சாம்பிள், அவ்வளவுதான். அதில் குறை இருந்தால் ஆறு மாதக் கணக்கையே மாற்ற வேண்டியிருக்கும். தனியார் ஸ்பெஷலிஸ்ட்டுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் எண்டோக்ரைன் பிரிவு இருக்கிறது. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக அடுக்கி, அந்தக் கேப்சூல் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அத்தை சொல்வதில் உண்மை இருக்கிறது, பயப்படுவதற்குத்தான் எதுவும் இல்லை. டி.எஸ்.எச். 42, டி4 இவ்வளவு குறைவு என்றால் சுரப்பி மறுபடி முழுதாக எழுந்து வருவது அபூர்வம். மாத்திரை பெரும்பாலும் ஆயுசுக்கும்தான். ஆனால் அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்தல்ல, உங்கள் சுரப்பி தர வேண்டியதை வெளியிலிருந்து கொடுக்கிறோம். ஆயுசுக்கும் என்பது தைராய்டுக்கு மட்டும். நின்றுபோன மாதவிலக்கும், ஏறிய ப்ரோலாக்டினும், குழந்தை தங்காததும் திரும்பிச் சரியாகக்கூடியவை.

இன்னும் ஒன்றே ஒன்று, இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாளில் பதற்றத்தில் மறந்துவிடும். பீரியட்ஸ் தள்ளிப்போய் வீட்டு டெஸ்டில் இரண்டு கோடு வந்தால், மாத்திரையை நிறுத்தக் கூடாது, கூட்ட வேண்டும். கர்ப்பத்தில் தைராக்ஸின் தேவை ஆரம்ப வாரங்களிலேயே கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது, அதாவது ஏதாவது இரண்டு நாள் மட்டும் இரண்டிரண்டு. இதை அன்றைக்கே ஆரம்பிக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வையுங்கள். டெஸ்ட் பாசிட்டிவ் ஆன அந்த வாரமே டி.எஸ்.எச். பார்த்துவிட்டு, பிறகு பாதிக் கர்ப்ப காலம் வரை நாலு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் ப்ரோலாக்டின் இயல்பாகவே பல மடங்கு ஏறும். அதை யாராவது டெஸ்ட் எழுதினாலும் எடுக்க வேண்டாம்.